மஞ்சள் ஒட்டாத பத்திரிகை

வா மாப்ளே, உக்காரு. தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை பார்க்கக் கோவில்பட்டிக்குப் போயிட்டு வந்தியாமே. உங்கம்மா போன்ல சொன்னா. “அண்ணே, 350 ஜி.எஸ்.எம்.ல எடுக்கப் போறான்”னு சொல்றப்ப அவ குரல்ல அம்புட்டுப் பெருமை. ஜி.எஸ்.எம்.னா என்னம்மான்னு கேட்டேன். “எனக்கென்ன தெரியும், மாப்பிள்ளை வீட்டுல 300தானாம்”னா. சரிதான், சம்பந்தி வீட்டை அம்பது புள்ளியில ஜெயிச்சாச்சு. இனிமே கல்யாணமே நடக்கலைனாலும் கவலையில்ல.

சிவகாசியில கட்டிங் மெஷின் முன்னாடி நின்னு தலைமயிர் நரைச்ச தாய்மாமன் ஒருத்தன் ஊர்ல இருக்கானேன்னு உனக்குத் தோணலை. தோணாட்டிப் போகுது. எப்படியும் பத்திரிகையில என் பேரைப் போட்டுத்தான் ஆகணும். அது எந்த அட்டையில வருதுன்னு தெரிஞ்சுக்கற உரிமை எனக்கு உண்டுல்ல? எடு அந்தச் சாம்பிளை.

முதல்ல இந்த 350. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்துக்கு அந்தக் காகிதத்தை விரிச்சா எத்தனை கிராம் இருக்கும்ங்கிற கணக்கு அது. வேற ஒன்னும் மந்திரமில்ல. ஜெராக்ஸ் கடையில பார்க்குற ஏ4 தாள் பதினாறை ஒட்டிப் பரப்புனா ஒரு சதுர மீட்டர் வரும். தாள் 80 ஜி.எஸ்.எம்.னா ஒரு தாள் அஞ்சு கிராம். அம்புட்டுத்தான். கடைக்காரன் ஆல்பத்துல 350ன்னு எழுதி வச்சிருக்கான்னா அது 350தான்னு நீ நம்புறே பாரு, அந்த வெள்ளை மனசுக்குத்தான் உன்னை எங்க அக்கா தங்கச்சி எல்லாருக்கும் பிடிக்குது.

சந்தேகத்தைத் தீர்த்துக்க வழி இருக்கு. அச்சடிக்காத வெறும் அட்டையில 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்துக்குச் சதுரமா ஒரு துண்டு வெட்டிக்க. அளவு சுத்தமா இருக்கணும், கண்ணு மட்டத்துல வெட்டாதே. தாலிக்குத் தங்கம் எடுக்க நகைக்கடைக்கு எப்படியும் போவேல்ல, அந்தத் தராசுல அதைப் போடச் சொல்லு. சதுர மீட்டர்ல நூத்துல ஒரு பங்கு அது. மூணரை கிராம் காட்டுனா 350. மூணு கிராம் காட்டுனா 300. ஆலையிலேயே நூத்துக்கு நாலஞ்சு முன்னே பின்னே இருக்கும், அதை மன்னிச்சு விட்ரு. மூணே கால்கூட வரலைனா ஆல்பத்தை அவன் கையில கொடுத்துட்டு அடுத்த கடைக்கு நட. நகைக்கடைக்காரர் “காகிதத்துக்குமா அண்ணாச்சி செய்கூலி சேதாரம்?”னு சிரிப்பாரு. சிரிக்கட்டும். இங்கேயும் சேதாரம் உண்டு, அதை அப்புறம் சொல்றேன்.

இப்ப ரெண்டு துண்டையும் கையில பிடி. இது நீ கொண்டாந்த 350, பளபளா. இது நான் வச்சிருக்குற 300, பூச்சில்லாத அட்டை. கண்ணை மூடிக்கிட்டு எது கனம்னு சொல்லு. பார்த்தியா, 300ஐக் காட்டுறே! உன் மேல தப்பில்ல, விரல் பொய் சொல்லாது. ஜி.எஸ்.எம். எடையைச் சொல்லுமே ஒழிய தடிமனைச் சொல்லாது. மண்சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, கூழாங்கல்லால தேய்ச்சு மெருகேத்துறது கிராமத்துல உண்டே, கிளாஸ் காகிதமும் அப்படித்தான். வெள்ளைக் களிமண்ணும் சுண்ணாம்புத் தூளும் கலந்து பூசுறான், அப்புறம் உருளைகளுக்கு நடுவுல விட்டு அழுத்தித் தேய்க்கிறான். மினுமினுப்பு ஏறும், உடம்பு ஒட்டிப்போகும். மேட் காகிதத்துக்கும் பூச்சு உண்டு, ஆனா அம்புட்டுத் தேய்ப்பு கிடையாது, அதனால கொஞ்சம் உப்பலா நிக்கும். பூச்சே இல்லாத மேப்லித்தோ இன்னும் உப்பல். ஒரே 130 ஜி.எஸ்.எம்.ல கிளாஸ் எடுத்தா சுமாரா மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு தடிமன், மேப்லித்தோ எடுத்தா அதைப்போல ஒன்றரை மடங்கு. விறைப்பு தடிமனைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஏறும். பூச்சில்லாத அட்டையில 300 எடுத்தாலே சம்பந்தி வீட்டு விரலுக்கு உன் 350ஐ விடக் கனமாத் தெரியும். அம்பது புள்ளியைக் குறைச்சும் ஜெயிக்கலாம். இந்த சூட்சுமத்தை அம்மாகிட்டச் சொல்லாதே, பெருமை பாதியாக் குறைஞ்சிரும்.

அடுத்தது, “மேட்ல எடுத்தா டீசன்டா இருக்கும் மாமா”ன்னு சொன்னியே. எந்த மேட்? முழிக்காதே. அந்தப் பேர்ல ரெண்டு சாமான் கடையில இருக்கு. ஒன்னு, காகிதமே மேட். மினுக்கம் ஏறாத பூச்சு போட்டது. இன்னொன்னு மேட் லேமினேஷன். எந்த அட்டையாயிருந்தாலும் சரி, அச்சடிச்சு முடிச்ச பிறகு மேல ஒட்டுற மெல்லிய ப்ளாஸ்டிக் படலம். தொட்டா பட்டுத்துணி கணக்கா வழுவழுன்னு இருக்குல்ல, உன்னைச் சொக்க வச்சது அதுதான். கிளாஸ்லயும் இதே ரெட்டை வேஷம் உண்டு. கடையில போயி “மேட்”னு மட்டும் சொன்னா, அவனுக்கு எதுல காசு நிக்குதோ அது வரும்.

இந்த வித்தியாசம் எங்க இடிக்கும்னு கேளு. பத்திரிகை வந்து இறங்குன அன்னைக்கு ராத்திரி நம்ம வீட்டுல என்ன நடக்கும்? உங்கம்மா ஒரு கிண்ணத்துல மஞ்சளைக் குழைச்சு வச்சுக்கிட்டு நாலு மூலையிலும் தொட்டு வைப்பா. உங்கத்தை பக்கத்துல பேனாவை வச்சுக்கிட்டு, யாருக்கு யாருக்குன்னு பேரை எழுதுவா. அதுக்கு நடுவுல ரெண்டு பேருக்கும் யாரை விட்டோம்னு ஒரு சண்டை. இதெல்லாம் முடிஞ்சாத்தான் அது பத்திரிகை. அதுக்கு முன்னாடி வெறும் அட்டை. ஆல்பம் பார்க்கிறவன் ஒருத்தனும் இந்த மஞ்சளையும் பேனாவையும் நினைக்கறதில்ல. ஏசி கடையில ரெண்டு விரலால பிடிச்சு வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்ப்பான். பொண்ணு பார்க்கிறப்பகூட இம்புட்டுக் குனிஞ்சு நிமிந்திருக்க மாட்டான்.

லேமினேஷன் மேல மஞ்சளை வச்சா முத்து முத்தா நிக்கும், உள்ளே இறங்காது. காஞ்சதும் பொடியா உதிரும். உதிர்ந்த பொடி அடுத்த பத்திரிகையில மாப்பிள்ளை பேர் மேல போயி உக்காரும். பேனா இன்னும் மோசம். பால்பாயிண்ட் வழுக்கும், ஜெல் பேனா மை காயாம நிக்கும், கட்டைவிரல் பட்டா “சுப்பையா” வெறும் “சு”வோட நிப்பாரு. பெர்மனன்ட் மார்க்கர் வாங்கி வச்சுக்கணும், அது கொட்டை எழுத்துல, மூட்டைக்கு நம்பர் போட்ட மாதிரி வரும்.

லேமினேஷன் இல்லாத கிளாஸ் அட்டையில வேற வம்பு. மஞ்சள் கொஞ்சம் பிடிக்கும், ஆனா ஈரம் பட்டா அந்தப் பூச்சு இளகும். ஈரம் காயுறதுக்கு முன்னாடி ஒன்னு மேல ஒன்னா அடுக்குனேன்னு வையி, காலையில மூலை மூலையா ஒட்டிக்கிட்டு வரும். பிச்செடுத்தா விநாயகர் ஒரு அட்டையிலயும் அவர் தும்பிக்கை இன்னொரு அட்டையிலயும் இருக்கும். பூச்சில்லாத அட்டைதான் இதுக்குப் பொறந்தது. மஞ்சள் ஊறிப் பிடிக்கும், பேனா எழுதும், கல்யாணம் முடிஞ்ச பிறகு அத்தை அதோட முதுகுல பால் கணக்கும் எழுதலாம். ஒன்னு மட்டும், மஞ்சளைத் தண்ணியாக் கரைக்காம கெட்டியாக் குழைக்கச் சொல்லு, இல்லேனா மூலை சுருங்கிக்கிடும்.

அப்ப லேமினேஷன் வீணான்னு கேட்டா, இல்ல. நீ எடுத்து வச்சிருக்கியே இந்தக் கரும் மெரூன், இதுக்கு அது வேணும். முழுசும் அடர்த்தியா மை பூசுன அட்டையை மடிச்சா மடிப்புல மையும் பூச்சும் சேர்ந்து வெடிக்கும், உள்ள இருக்குற வெள்ளை கோடாத் தெரியும். இந்தா, உன் சாம்பிளையே பாரு, கடைக்காரன் நாலு தடவை மடிச்சுக் காட்டியிருக்கான்போல, நடுவுல நரை விழுந்து கெடக்கு. படலம் ஒட்டியிருந்தா அது வெடிப்பைப் பிடிச்சுக்கிடும். ஆனா மேட் படலத்துல வேற சங்கடம். அடர்ந்த நிறத்து மேல நகக்கீறலும் விரல் ரேகையும் பளிச்சுன்னு தெரியும். ஒரு கட்டா பையில போட்டு பைக்குல ஊரு ஊரா சுத்துனா, கடைசி வீட்டுக்குப் போற பத்திரிகை ஏற்கெனவே பத்துக் கல்யாணம் பார்த்த மாதிரி இருக்கும். இந்த இடத்துல கிளாஸ் படலம் தேவலை, கீறலைத் தாங்கும்.

வெளிப்பக்கம் மட்டும் படலம், உள்பக்கம் வெறுமைன்னு பாதியில நிக்கலாமான்னு யோசிக்கிறே. நல்ல யோசனைதான், சாதாரணமா நானும் அதைத்தான் சொல்லுவேன். ஆனா கல்யாணம் ஐப்பசியில. அடைமழை. காத்துல இருக்குற ஈரத்தைக் காகிதம் குடிச்சு விரியும், ப்ளாஸ்டிக் விரியாது. என்ன ஆகும்? அட்டை படலம் இருக்குற பக்கமாச் சுருளும். 200, 220ல எடுத்தா அப்பளமா வளையும். 300க்கு மேல இருந்தா ஓரளவு தாங்கும். அதுக்காகத்தான் எடை, சம்பந்தியை ஜெயிக்க இல்ல.

மடிப்பு வெடிக்கிறதுக்கு நிறம் பாதிக் காரணம், மீதி காகிதத்தோட நார் ஓட்டம். ஆலையில கூழு ஓடுற திசையில நாரெல்லாம் படுத்துக்கிடும். அந்த ஓட்டத்தோட மடிச்சா மடிப்பு சுத்தமா வரும், குறுக்கே மடிச்சா முரண்டு பிடிக்கும், வெடிக்கும். கண்டுபிடிக்க ஒரு துண்டை ரெண்டு பக்கமும் கிழிச்சுப் பாரு. ஒரு பக்கம் நேராக் கிழியும், அதான் ஓட்டம். இன்னொரு பக்கம் கோணல்மாணலாப் போகும். அச்சகத்துல சொல்லி அடிக்கிறதா இருந்தா “மடிப்பு நார் ஓட்டத்தோட வரணும், க்ரீஸிங் போட்டு மடிங்க”ன்னு ரெண்டே வார்த்தை சொல்லு. க்ரீஸிங்னா மடிக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கோட்டுல ஒரு பள்ளம் அழுத்துறது. 200க்கு மேல போற எந்த அட்டைக்கும் அது இல்லாம மடிக்க விடாதே. நீ சொன்ன மாத்திரத்துல அவன் உன்னை நிமிந்து பார்ப்பான். அப்புறம் ரேட்டுல கொஞ்சம் மரியாதை தெரியும்.

ஆனா நீ ஆல்பத்துல பார்த்தது பெரும்பாலும் ரெடிமேட் அட்டை. அலங்காரம், தங்க ஃபாயில், மடிப்பு எல்லாம் எங்கேயோ முடிச்சு நூறு நூறாக் கட்டி வருது. உள்ளூர்ல பேரும் முகூர்த்தமும் மட்டும் ஸ்க்ரீன்ல அடிப்பான். அதுல நாரைத் திருப்ப முடியாது, படலத்தை உரிக்க முடியாது. நாலஞ்சு மாடல் காசு கொடுத்து வாங்கி வந்து வீட்டுல மடிச்சு, எழுதி, மஞ்சள் வச்சுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறதுதான் வழி.

தபால்ல போற பத்திரிகைக்கு ஒரு கணக்குப் போட்ருவோம். உன் அட்டை விரிச்சா 14 அங்குலம், அகலம் 7 அங்குலம். 300 ஜி.எஸ்.எம்.ல அது 19 கிராம். 100 ஜி.எஸ்.எம். கவர் ஒரு எட்டு கிராம். மொத்தம் 27. அஞ்சலகத்துல கடிதத்துக்கு 20 கிராமுக்கு ஒரு படியா ஏறும், ஆக ரெண்டாவது படி. சிக்கனமா 250ல எடுத்தா 24 கிராம், அப்பவும் அதே ரெண்டாவது படிதான். தபால் செலவுக்காக அட்டையை மெலிய வைக்கறது வீண். ஆனா அந்தப் பெட்டி மாதிரி கெட்டிக் கவர் பார்த்து வச்சிருக்கியே, அதுவும் 300ல, அது மட்டும் 24 கிராம் இழுக்கும். உள்ளே விநாயகர் படம் போட்ட தனித்தாள் ஒன்னு வேற, நாலு கிராம். கூட்டு, 47. மூணாவது படி. வாங்குறவங்க முதல்ல கிழிச்சுக் குப்பையில போடுற சாமானுக்குத்தான் நீ தபால் காசு கட்டப் போறே.

இப்ப உன் அடுத்த அஸ்திரத்துக்கு வருவோம். “ரீசைக்கிள்டு பேப்பர் மாமா, சுற்றுச்சூழல்.” ரொம்ப நல்லது. ராஜபாளையத்துல இருந்து ஏசி வேன் வச்சு, சீரியல் லைட்டு போட்டு, ஆளுயர ஃப்ளெக்ஸ் பதினாறு கட்டி நடக்குற கல்யாணத்துல பத்திரிகையாவது பூமியைக் காப்பாத்தட்டும். ஆனா அதுக்கும் மேட் லேமினேஷன் போடச் சொன்னியாமே! பழைய காகிதத்தைத் தண்ணியில ஊற வச்சு அரைச்சுக் கூழாக்கித்தான் மறுபடி காகிதம் செய்யறது. ப்ளாஸ்டிக் ஒட்டுன அட்டை அரைபடாது, படலம் தனியா வரும், பழைய பேப்பர்காரன் அதை ஒதுக்கி வைப்பான். ஏற்கெனவே மறுபிறவி எடுத்த காகிதத்துக்கு அடுத்த பிறவி இல்லாம மோட்சம் கொடுத்துட்டே. புண்ணியந்தான்.

மறுசுழற்சிக் காகிதம் எதுக்கு ஒத்துவரும், எதுக்கு வராதுன்னு தெரிஞ்சுக்க. ஒவ்வொரு தடவை அரைக்கிறப்பவும் நார் கட்டையாகும். அஞ்சாறு பிறவிக்கு மேல அது தாங்காது. நார் கட்டையா இருந்தா மடிப்புல சீக்கிரம் பிரியும், அதனால ஒரே மடிப்பு, நல்ல க்ரீஸிங், அம்புட்டோட நிறுத்து. நிறம் சாம்பலோ பழுப்போ கலந்திருக்கும், புள்ளி புள்ளியாத் துகள் தெரியும். மை உள்ளே இறங்கிப் பரவுறதால மெல்லிய எழுத்தெல்லாம் ஊதிப்போகும், முகத்துப் படம் போட்டா மாநிறம் கறுத்து நிக்கும். பொண்ணு மாப்பிள்ளை போட்டோவோட அடிக்கணும்னா இது வேண்டாம், தங்கச்சி உன்னைக் கல்யாண மேடையிலயே கேட்ருவா. ஒத்தை நிறம், கரும்பச்சையோ அரக்கோ, எழுத்து கொஞ்சம் தடிமனா, கோலம் மாதிரி ஒரு கோட்டுப்படம், இப்படி வச்சா இந்தக் காகிதத்துக்கு நிகர் கிடையாது. மஞ்சள் அதுல உக்காருற அழகே தனி. தங்க ஃபாயில் கேக்காதே, சொரசொரப்புல அங்கங்க விட்டுப்போகும்.

இன்னொன்னு. கடையில பழுப்பா எதைக் காட்டுனாலும் “ரீசைக்கிள்டு”ம்பான். கரூர் பக்கம் காகிதபுரத்துல இருக்குற தமிழ்நாடு காகித ஆலை கரும்புச் சக்கையில காகிதம் செய்யுது. மரத்தை மிச்சப்படுத்துற வேலைதான், ஆனா அது புது நார், பழைய காகிதம் இல்ல. புதுச்சேரியில ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக்காரங்க 1959லயே கைக்காகித ஆலை தொடங்குனாங்க. இந்தக் கைக்காகிதமெல்லாம் பனியன் தைக்கிறப்ப விழுற வெட்டுத்துணி மாதிரியான பருத்திக் கழிவுல செய்யறது. பருத்தி நார் நீளம், அதனால மறுசுழற்சிக் காகிதத்தை விட ரொம்ப உறுதி, விலையும் அதுக்குத் தக்க ஏறும். மூணும் மூணு விதம். எதை வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்கு. விதை வச்ச காகிதமும் வருது, பத்திரிகையை நட்டா செடி வளருமாம். நம்ம ஊர்ல பத்திரிகையை நடுற ஆளு யாருன்னு நீயே சொல்லு.

சரி, உன் கடைச் சமாச்சாரத்துக்கு வா. சொட்டுநீர்ப் பாசனக் கடைக்கு ப்ரோஷர், 2000 எண்ணம், 170 ஜி.எஸ்.எம். கிளாஸ், மூணா மடிக்கறது. டிசைன் நல்லாத்தான் இருக்கு. வாழைத்தோப்பு, சொட்டு, அதுக்குப் பின்னால சூரியன். அந்தச் சூரியன்தான் உனக்கு எதிரி. இதை எங்க வச்சு வாசிப்பாங்க? தோட்டத்துல, மதியத்துல, பம்ப்செட்டு முன்னாடி. கிளாஸ் தாள்ல வெயில் பட்டுக் கண்ணு கூசும், சம்சாரி அதை அப்படித் திருப்பி இப்படித் திருப்பி, கடைசியில விசிறிக்கிட்டு உக்காந்துருவாரு. கிளாஸ்ல படம் துடிப்பா இருக்கும்ங்கிறது நிசம்தான், புள்ளி பரவாம நிக்கறதால நிறம் ஆழமா வரும். குழாய்ப் படத்துக்கு அம்புட்டு ஆழம் எதுக்கு? மேட் ஆர்ட் பேப்பர் போதும். படமும் கெடாது, எழுத்தும் வாசிக்கலாம், நீ ஏக்கருக்கு எம்புட்டு மீட்டர், என்ன விலைன்னு ஓரத்துல பால்பாயிண்ட்ல குறிச்சுக் கொடுத்தா நிக்கவும் செய்யும். படலம் வேண்டாம்.

எடை 130 எடு. எதுக்குன்னு கணக்கோட சொல்றேன். காகிதம் கிலோவுக்குத்தான் விக்குது. 18க்கு 23 அங்குலத் தாள்ல உன் ப்ரோஷர் நாலு விழும்னு வையி, 2000க்கு 500 தாள், ஒரு ரீம். 130ல அந்த ரீம் சுமாரா பதினேழரைக் கிலோ, 170ல இருபத்தி மூணு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. அஞ்சு கிலோவுக்கு மேல கூடுதல் காகிதம் எடுத்து, அதை மடிக்க க்ரீஸிங் கூலியும் கொடுத்து, கிடைக்கறது என்ன? மூணு மடிப்புக்கு 170 விறைச்சுக்கிட்டு வாயைப் பொளந்து நிக்கும். 130 அடங்கி மடங்கும். சேதாரம்னு சொன்னேனே, அது இங்கதான். மெஷின் ஓடத் தொடங்குறப்ப நிறம் சேர்றதுக்குக் கொஞ்சம் தாள் போகும், ரீமுக்கு மேல கூட வாங்கித்தான் ஆகணும். தாள் கனமானா சேதாரமும் கனம்.

“நாலு விழும்னு வையி”ன்னேனே, அதை விட்ராதே. ஏ4 அளவு கேட்டா இந்தத் தாள்ல நாலு விழாது. ஏ4ஓட நீளம் பதினோரு அங்குலத்தை முக்கால் கிட்டத் தாண்டும், ரெண்டு வச்சா 23 பத்தாது. எட்டரைக்குப் பதினொன்னு, டெமி கால்னு கேளு, கச்சிதமா நாலு. கண்ணால பார்த்தா ஏ4க்கும் இதுக்கும் வித்தியாசம் ஒருத்தனுக்கும் தெரியாது. ஏ4தான் வேணும்னு அடம் பிடிச்சா 18க்கு 25 தாள் இருக்கான்னு கேட்டுக்க. டிசைன் போடுற பயகிட்ட, உள்ளே மடங்குற பக்கத்தை மட்டும் ரெண்டு மில்லிமீட்டர் குறைச்சு வைக்கச் சொல்லு. இல்லேனா மடிக்கிறப்ப அது போயி மடிப்புல முட்டி மேடு கட்டும். கம்ப்யூட்டர்ல மூணு சமபங்காப் பிரிச்சா அழகாத்தான் இருக்கும், கம்ப்யூட்டர் மடிச்சுப் பார்க்காது.

அச்சடிச்ச அன்னைக்கே வெட்டி, கட்டுக்கட்டிக் கொடுங்கன்னு அவசரப்படுத்தாதே. மேட் காகிதத்துல மை காய நேரம் எடுக்கும், அடர்த்தியா நிறம் இருந்தா இன்னும் அதிகம். ஈரத்தோட அடுக்கி வெட்டுனா ஒரு தாளோட முகம் அடுத்த தாளோட முதுகுல ஒட்டும். மழைக்காலத்துல ஒரு ராத்திரி காய விட்டாத்தான் நல்லது. உன் வாழைத்தோப்பு உன் விலைப்பட்டியல் மேல வந்து காய்க்க வேண்டாம்.

என் தீர்ப்பைக் கேட்டா இதுதான். பத்திரிகைக்கு பூச்சில்லாத அட்டை, 300, உள்ளேயும் வெளியேயும் வெளிறின நிறம், படலம் கிடையாது, கவர் 100. அந்த மெரூனை உங்கம்மா விடமாட்டேன்னா கிளாஸ் படலம் வெளிப்பக்கம் மட்டும், எடை 300க்குக் குறையாம, மஞ்சளும் பேரும் கவர் மேல. மறுசுழற்சிதான் வேணும்னா போட்டோவையும் படலத்தையும் தியாகம் பண்ணு. ரெண்டையும் வச்சுக்கிட்டு சுற்றுச்சூழல் பேசாதே, எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. ப்ரோஷருக்கு மேட் ஆர்ட், 130, டெமி கால்.

நாளைக்குப் போறப்ப உங்கம்மாவையும் கூட்டிட்டுப் போ. போனதும் அட்வான்ஸை எடுத்து நீட்டாதே. அட்டையோட பேரு, எத்தனை ஜி.எஸ்.எம்., காகிதம் மேட்டா கிளாஸா, படலம் உண்டா இல்லையா, உண்டுன்னா எந்தப் பக்கம், இத்தனையையும் பில்லுல எழுதி வாங்கு. அதே அட்டையில வெறும் துண்டு ரெண்டு கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டா. மஞ்சளையும் பேனாவையும் நான் எடுத்து வைக்கிறேன். அது தேறுன பிறகு காசு கொடு.